மூன்றாக உடைத்த ஈர்க்கு

எனக்குக் கோபம் வந்தால் கணக்கு வேகமாக ஓடும். பல்கலைக்கழகத்தில் இதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். வேலைக்கு வந்து நாலு வருடத்தில், புத்தளம் கரையோரத்தில் ஒரு உப மின்நிலையத்தில், அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று கண்டுகொண்டேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பாதுகாப்புப் பிரிவு இஞ்சினியர். பாதுகாப்பு என்றால் துவக்கும் காவலரணும் அல்ல. மின்கம்பியில் தவறு நேர்ந்தால் அதை உணர்ந்து, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் ரிலே என்ற பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சிலாபம் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இந்த வேலைக்கு வந்தது எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் பெரிய கதையாக இருந்தது. அந்தப் பெருமையைத் தலையில் சுமந்துகொண்டுதான் நான் நடந்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த மின்நிலையத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராக ஒருவர் இருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து பெற்றோருடன் வந்து, புத்தளத்தில் முகாம், குடிசை, பிறகு கல்வீடு என்று வளர்ந்தவர். தற்காலிக ஊழியராகவே பதினைந்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த மாதம்தான் அவருக்கு நிரந்தர நியமனம் வரவிருந்தது. பைல் பிரதம பொறியியலாளரின் மேசையில் கிடந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் முந்தல் பக்கம் போகும் முப்பத்து மூவாயிரம் வோல்ட் லைனின் ரிலேயை மாற்றினோம். வயரிங் வேலையை நானா தனியாகச் செய்தார். லைனில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகள். ஒவ்வொன்றிலும் சீ.ரீ என்று ஒரு சிறு மாற்றி இருக்கும். கம்பியில் ஓடும் பெரிய மின்னோட்டத்தைச் சிறிதாக்கி ரிலேக்குக் காட்டுவது அதன் வேலை. ரிலே மூன்றையும் கூட்டிப் பார்க்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கூட்டுத்தொகை பூச்சியம். ஒரு கம்பி எங்காவது நிலத்தைத் தொட்டால் கூட்டுத்தொகை பூச்சியமாக இராது. அது நாற்பது அம்பியரைத் தாண்டினால் லைனை நிறுத்து என்று நாங்கள் வைத்திருந்தோம். இதில் ஒரு பொறி உண்டு. மூன்று சீ.ரீயில் ஒன்றின் வயர்களைத் தலைகீழாக மாட்டிவிட்டால், லைன் நன்றாக இருக்கும்போதே கூட்டுத்தொகை பூச்சியமாகாது. லைனில் ஓடும் சாதாரண மின்னோட்டத்தின் இரண்டு மடங்கு பொய்யாகக் காட்டும். லோட், அதாவது ஊர் இழுக்கும் மின்னோட்டம், குறைவாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. லோட் கூடிய நேரத்தில் ரிலே காரணமில்லாமல் லைனை வெட்டும்.

ரிலே மாற்றி நாலாம் நாள், விடியற்காலை ஐந்து மணி கழித்துச் சில நிமிடத்தில் லைன் விழுந்தது. ரிலே அதை வெட்டியிருந்தது.

ரோந்து போன ஆட்கள் முப்பது கிலோமீற்றர் லைனையும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வந்தார்கள். கம்பி அறவில்லை, தென்னை மட்டை விழவில்லை, செத்த காகம்கூட இல்லை. அதற்குள் தலைமைக் கந்தோரிலிருந்து வந்த குழு புதிய வயரிங்கில்தான் சந்தேகம் என்று எல்லா சீ.ரீ வயர்களையும் கழற்றி, புதிதாக மாட்டி, சோதனைக்கு மின்னோட்டம் ஏற்றி ஏற்றிப் பார்த்தது. கழற்றுமுன் யாரும் படம் எடுக்கவில்லை. நானா எப்படி மாட்டியிருந்தார் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. அவர்கள் ஏற்றிய சோதனைகளால் ரிலேயின் ஞாபகமும் நிரம்பி, காலையில் பதிந்த அலைவடிவங்கள் அழிந்தன. பத்து மணிக்கு லைனைப் போட்டார்கள், விழவில்லை. நின்றது. வயரிங்கை மாற்றியதும் சரியாகிவிட்டது, ஆகவே பிழை வயரிங்கில். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மிஞ்சியது ஒரு கடதாசித் துண்டு. அன்று கடமையில் இருந்தவர், லைன் விழுந்தவுடன் ரிலேயின் திரையில் தெரிந்ததை வரிக்கு வரி எழுதி வைத்திருந்தார். முதல் வரி ஐம்பத்திரண்டு, இரண்டாம் வரி நாற்பத்தொன்று, மூன்றாம் வரி நூற்றி இருபத்து மூன்று. பக்கத்தில் கோணங்கள்.

துண்டைப் பிரதம பொறியியலாளர் என்னிடம் நீட்டினார். சிங்களவர், நிதானமானவர், சிகரெட்டை விட்டபிறகு இஞ்சி டொபி சூப்பிக்கொண்டே இருப்பார். இது கம்பி உண்மையாகவே நிலத்தைத் தொட்ட எர்த் ஃபோல்ட்டா, பொய்யா என்று சிங்களத்தில் கேட்டார். நான் துண்டைப் பார்த்தேன். ரோந்துக்காரர்களிடம் காலை முழுக்க வாய்த்தர்க்கம் பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. ஒற்றைக் கம்பி நிலத்தைத் தொட்டால் மூன்று எண்களும் சமமாக இருக்கவேண்டும் சேர், இங்கே மூன்றாம் எண் மற்ற இரண்டையும்விட எவ்வளவோ பெரிது, இது உண்மையான தவறே இல்லை என்றேன். அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. அப்படியானால் வயரிங் என்றார் அவர். ஓம் என்றேன். அவர் நியமனப் பைலை எடுத்து, கையெழுத்து வைக்காமல் மேசையின் மற்றப் பக்கம் வைத்தார்.

அறிக்கை எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது. நானா சீ.ரீ ஒன்றைத் தலைகீழாக மாட்டினார், மாட்டியபின் கூட்டுத்தொகையைப் பார்த்து எழுதவேண்டிய கட்டம் அவருடைய தாளில் வெறுமையாக இருக்கிறது, ஆகவே அவர் பார்க்கவேயில்லை என்று எழுதினேன். நியமனம் நிறுத்தப்படும், ரிலே வேலையிலிருந்து எடுத்து மீற்றர் வாசிக்க அனுப்புவார்கள். அதற்கு அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கவேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, நாலு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவர் வரும் நேரம் பார்த்து மின்நிலையத்துக்குப் போனேன்.

அவர் கட்டுப்பாட்டு அறையில் கதிரையின் நுனியில் இருந்தார். முகம் வாடிப்போய் இருந்தது. தாளை இரண்டு முறை வாசித்தார். சத்தம் போடுவார், கெஞ்சுவார் என்று இரண்டுக்கும் பதில் தயார்செய்து வந்திருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"நான் பாத்தன் மிஸ். கூட்டினா பூச்சியம்தான் காட்டிச்சு. எழுதத்தான் மறந்துட்டன். ஆனா இப்ப நீங்க எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாப் போச்சு. இந்த மூணு நம்பரும் எப்பிடி அதச் சொல்லுதெண்டு எனக்கு விளங்கப்படுத்துங்க. விளங்கிச்செண்டா கையெழுத்து வைக்கிறன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. சமச்சீர்க் கூறுகள் என்ற இந்தக் கணக்கை ஒரு பின்னேரத்தில் யாருக்கு விளங்கப்படுத்துவது? எங்களுக்கே அரை வருடம் எடுத்தது. ஆனாலும் விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்க மனம் வரவில்லை. மூலையில் விளக்குமாறு சாய்ந்திருந்தது. அதிலிருந்து நாலைந்து ஈர்க்குகளை உருவி, மேசையில் இருந்த, அளவு பார்க்கும் இரும்பு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் சொன்னது இதுதான். லைன் ஒழுங்காக இருக்கும்போது மூன்று கம்பியிலும் ஒரே அளவு மின்னோட்டம், ஒன்றுக்கொன்று நூற்றிருபது பாகை தள்ளி ஓடுகிறது. சமமாக இருப்பதால் கணக்கு இலகு. தவறு நேர்ந்தால் மூன்றும் மூன்று விதமாகிவிடும், கணக்கு சிக்கலாகிவிடும். அப்போது ஒரு உபாயம் செய்கிறோம். அந்த ஒழுங்கில்லாத மூன்றையும், ஒழுங்கான மூன்று கூட்டங்களின் சேர்க்கை என்று வைத்துக்கொள்கிறோம். முதல் கூட்டம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற வரிசையில் சுற்றும். அது நேர்த் தொடர். இரண்டாவது சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மாறிச் சுற்றும். அது எதிர்த் தொடர். மூன்றாவது சுற்றுவதேயில்லை. மூன்று கம்பியிலும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். அது பூச்சியத் தொடர். எந்தக் கோணல்மாணல் மின்னோட்டத்தையும் இந்த மூன்றாகப் பிரிக்கலாம், ஒரு விதமாகத்தான் பிரிக்கலாம். முதல் இரண்டு கூட்டமும் தத்தம் மூன்று கம்பிகளுக்குள்ளேயே கூட்டிப் பூச்சியமாகிவிடும். பூச்சியத் தொடர் அப்படி ஆகாது. அது நிலத்தின் வழியாகத்தான் வீடு திரும்பவேண்டும். எங்கள் பெரிய மாற்றியின் இந்தப் பக்கச் சுருளில் நிலத்தோடு சேர்க்க ஒரு முனை கிடையாது. அதற்காகவே பக்கத்தில் தனியாக ஒரு எர்த்திங் மாற்றி வைத்திருக்கிறோம். அந்த வழியாகத் திரும்பி வரும்.

"சரி" என்றார் நானா. "ஒரு கம்பி மட்டும் நிலத்தத் தொட்டா?"

அதற்குத்தான் ஈர்க்கு. ஒரே அளவில் மூன்று துண்டு முறித்தேன். நீலக் கம்பி நிலத்தைத் தொட்டது, லோட் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிவப்பிலும் மஞ்சளிலும் ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் ஓடாத கம்பியிலும் எங்கள் கணக்கின்படி மூன்று கூட்டத்தின் பங்கும் இருக்கிறது. இருந்தும் கூட்டுத்தொகை பூச்சியமாக வேண்டும். மூன்று துண்டுகளையும் தலையும் வாலுமாக வைத்து ஒரு முக்கோணம் மூடினேன். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம், அதனால் பூச்சியம். சிவப்புக் கம்பியில் ஒரு முக்கோணம், மஞ்சளில் ஒரு முக்கோணம். தொட்ட கம்பியிலோ மூன்று துண்டும் ஒரே திசையில் வரிசையாகப் படுத்துவிடும். ஒன்றின் மூன்று மடங்கு நீளம். நிலத்துக்குப் போகும் மின்னோட்டம் அதுதான். இரண்டு கம்பியில் இப்படி மூடவேண்டும், ஒன்றில் இப்படி நீளவேண்டும் என்றால் மூன்று துண்டும் சம அளவாகத்தான் இருக்க முடியும்.

அவர் துண்டுகளைத் தானே எடுத்து முக்கோணம் வைத்துப் பார்த்தார். பிறகு நீட்டிப் பார்த்தார். விளங்கிவிட்டது என்பது விரல்களிலேயே தெரிந்தது. எனக்கு அரை வருடம் எடுத்தது அவருக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அன்று காலை எண்களைப் பார்ப்போம் என்று, அம்பியருக்கு ஒரு மில்லிமீற்றர் கணக்கில் புதிதாக மூன்று ஈர்க்கு வெட்டினேன். ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நூற்றி இருபத்து மூன்று. அவர் முன்னால் வைத்தேன். எப்படி வைத்தாலும் முக்கோணம் மூடாது, இரண்டு சிறியதையும் சேர்த்தாலும் பெரியதன் நீளம் வராது, ஆகவே இது கம்பி நிலத்தைத் தொட்ட தவறல்ல, சீ.ரீ மாறியதால் வந்த பொய் என்றேன். குரலில் ஒரு வெற்றி இருந்திருக்கும். இருந்தது.

அவர் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்.

"அப்ப சீ.ரீய மாத்தி மாட்டினா எப்பிடி வரும் மிஸ்? அதுக்கும் ஈர்க்கு வெட்டுங்களன்."

கேட்டதும் திகைத்துப்போனேன். அதை நான் கணக்கிட்டிருக்கவில்லை. இது இல்லை என்று கண்டவுடன், அதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். கொப்பியை எடுத்துப் போட்டேன். நீல சீ.ரீயைத் தலைகீழாக்கி, சாதாரண லோட்டை மூன்றாகப் பிரித்தால் நேர்த் தொடர் ஒரு பங்கு, எதிர்த் தொடர் இரண்டு பங்கு, பூச்சியத் தொடர் இரண்டு பங்கு. எந்தக் கம்பியின் சீ.ரீயை மாற்றினாலும் இதே அளவுதான். எதிர்த் தொடர் நேர்த் தொடரின் இரட்டிப்பாக இருக்கவேண்டும். என் முன்னால் கிடந்த ஈர்க்கில் எதிர்த் தொடர் நேர்த் தொடரைவிடக் கட்டை. திரும்பப் போட்டேன். அதேதான். அந்தக் கடதாசியில் இருந்த எண்கள் உண்மையான தவறுக்கும் பொருந்தவில்லை, அவருடைய பிழைக்கும் பொருந்தவில்லை. நான் எழுதிய அறிக்கை எதற்கும் பொருந்தவில்லை.

கோபம் ஒரேயடியாக இறங்கி, அது இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. நான் சொல்லி ஒரு மனிதனின் பைல் மேசையின் மற்றப் பக்கம் போயிருக்கிறது.

"இந்த ஒண்டு மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?" என்று நானா பெரிய ஈர்க்கைத் தொட்டார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அலுமாரியைத் திறந்து அந்த ரிலேயின் புத்தகத்தை எடுத்தேன். நான் பழகியது வேறொரு கம்பனியின் ரிலே. அதன் திரையில் மூன்று வரிகளும் மூன்று தொடர்கள். ஒவ்வொன்றும் ஒரு பங்கு. இந்த ரிலேயில் முதல் இரண்டு வரியும் அப்படித்தான். மூன்றாம் வரி மட்டும் பூச்சியத் தொடர் அல்ல. மூன்று கம்பிகளின் மொத்தக் கூட்டுத்தொகை, அதாவது பூச்சியத் தொடரின் மூன்று மடங்கு. புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் போட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் இந்த மூன்றில் இடறாத ஆளில்லை. முதல் வருட மாணவன் இடறுவான், மன்னிக்கலாம். நான் இடறிவிட்டு அதன்மேல் இன்னொருவரின் கையெழுத்தும் கேட்டு வந்திருக்கிறேன்.

நீளமான ஈர்க்கை எடுத்து, அளந்து, மூன்றாக உடைத்தேன். ஒரு துண்டை எதிர்த் தொடர் ஈர்க்கின் பக்கத்தில் வைத்தேன். நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றும். நகக்கண் அளவுகூட வித்தியாசமில்லை.

நானா குனிந்து பார்த்தார். பிறகு நேர்த் தொடர் ஈர்க்கையும் பக்கத்தில் சேர்த்தார். அது கொஞ்சம் நீண்டு நின்றது. பதினொரு மில்லிமீற்றர்.

"இது கூடுது மிஸ்."

அது லோட்டாக இருக்கலாம் என்றேன். வழக்கமான லோட் சமமாக ஓடுவதால் நேர்த் தொடரில் மட்டும்தான் சேரும், மற்ற இரண்டையும் தொடாது. கோணங்களைப் பார்த்தால் நேர்த் தொடரில் தவறின் பங்கும் லோட்டும் ஒரே திசையில் இருக்கின்றன, அப்படியே கூட்டலாம். ஆனால் அந்த நேரத்து லோட் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? நான் சொல்லி முடிக்குமுன் அவர் எழுந்துபோய், மணித்தியாலத்துக்கு ஒருமுறை லோட்டை எழுதும் கொப்பியைக் கொண்டுவந்து விரித்தார். அன்றைய தேதி, காலை ஐந்து மணி, முந்தல் லைன். பதினொரு அம்பியர்.

பதினொரு அம்பியர் லோட்டில் சீ.ரீ தலைகீழாக இருந்திருந்தாலும் பொய்யாக இருபத்திரண்டுதான் காட்டியிருக்கும். நாற்பதுக்கு மேல் போனால்தானே ரிலே வெட்டும். ஐம்பத்திரண்டில் பதினொன்று போக நாற்பத்தொன்று. மூன்றும் சமம். அன்று விடியற்காலை அந்த லைனில் ஒரு கம்பி உண்மையாகவே நிலத்தைத் தொட்டிருக்கிறது. ரிலே சரியாக வேலை செய்திருக்கிறது. அதை வயர் பண்ணியவரும் சரியாகச் செய்திருக்கிறார்.

அவர் முகத்தில் இன்னும் ஒன்றும் மாறவில்லை. கணக்குச் சரி, ஆனால் சேர் நம்புவாரா, லைனில் ஒன்றும் இல்லை என்றுதானே ரோந்துக்காரர்கள் சொன்னார்கள் என்றார். நியாயம்தான். எனக்கே இன்னும் ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

கோணங்கள் இன்னும் மிச்சமிருந்தன. சிவப்புக் கம்பி தொட்டிருந்தால் எதிர்த் தொடரும் பூச்சியத் தொடரும் ஒரே திசையில் நிற்கும். இங்கே நூற்றிருபது பாகை விலகி நின்றன. விலகிய பக்கம் நீலத்தைக் காட்டியது. எவ்வளவு தூரத்தில் என்று இந்த எண்களிலிருந்து சொல்ல முடியாது. தவறு நடந்த இடத்தின் தடை மிகப் பெரியதாக இருந்ததால் லைனின் நீளம் அதற்குள் மறைந்துபோயிருந்தது. அதை நான் ஒளிக்காமல் சொன்னேன். நீலம், தடை பெரியது, விடியற்காலை, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"நீலக் கம்பி களப்புப் பக்கம்" என்றார் நானா, வீதிக்கு அப்பால் கிடக்கும் உப்புநீர் ஏரியைச் சொல்லி. "உப்பளத்துக்கும் றால் பண்ணைக்கும் நடுவுல அஞ்சாறு கிலோமீற்றர் போகுது. உப்புக் காத்து நேரா அடிக்கிற இடம். விடிய பனி பெய்யும்."

மிச்சத்தை இருவரும் ஒரே நேரத்தில் யோசித்திருக்கவேண்டும். இன்சுலேட்டரில் உப்புப் படியும். காய்ந்திருக்கும்வரை சும்மா இருக்கும். விடியற்காலைப் பனி அதை நனைத்தால் உப்பு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், தூணுக்குப் பாயும். ரோந்து போனபோது வெயில் ஏறி எல்லாம் காய்ந்துவிட்டது. பத்து மணிக்கு லைன் விழாமல் நின்றதற்கு வயரிங் காரணமல்ல, வெயில்தான் காரணம். அன்று மத்தியானம் நல்ல மழை, உப்பைக் கழுவிவிட்டது. பிறகு எப்படித் திரும்ப விழும்?

வானை எடுத்துக்கொண்டு போனோம். நானா ஓட்டினார். வழியில் நான் வாயைத் திறந்தேன். வயரிங் பிழை என்று சேரிடம் சொன்னது ரோந்துக்காரர்களோ தலைமைக் கந்தோர் ஆட்களோ இல்லை, நான்தான் என்றேன்.

"தெரியும் மிஸ்" என்றார் வீதியைப் பார்த்தபடி. "அண்டைக்கே தெரியும்."

தெரிந்துகொண்டே ஈர்க்குத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

உப்பளத்தின் ஓரத்தில் வானை விட்டுவிட்டு நடந்தோம். வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைத்தது. ஒரு பைனாகுலர் இருந்தது. அவர் ஒரு தூணைப் பார்த்தால் நான் அடுத்ததைப் பார்ப்பேன், களப்புப் பக்கத்து இன்சுலேட்டரை மட்டும். ரோந்துக்காரர்கள் வீதிப் பக்கமிருந்துதான் பார்த்திருப்பார்கள். நாங்கள் சேற்றுக்குள் இறங்கி மற்றப் பக்கம் போனோம். என் சப்பாத்து ஒன்று சேற்றிலேயே தங்கிவிட்டது. பதினான்காவது தூணில் அவர் நின்றார். பைனாகுலரை எடுத்து என்னிடம் தந்தார். பழுப்பு நிற இன்சுலேட்டரின் களப்புப் பக்கத்தில், மேலிருந்து கீழாக, கை அகலத்தில் ஒரு கருகல் ஓடியிருந்தது. அடியில் இரும்புக் குறுக்குத்தண்டில் மின்பொறி பட்டு உருகிய ஒரு பொட்டு பளபளத்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அவர் அந்த உப்புத் தரையிலேயே உட்கார்ந்தார்.

நான் அங்கிருந்தே பிரதம பொறியியலாளருக்கு ரெலிபோன் எடுத்தேன். மூன்று மடங்கில் பிழைவிட்டது நான், வயரிங் சரி, இன்சுலேட்டரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சிங்களத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் டொபி பல்லில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் கருகிய இன்சுலேட்டரைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். புதிய அறிக்கையில் என் பிழையையும் எழுதச் சொன்னார். பைல் தன் மேசையில்தான் இருக்கிறது, கையெழுத்தோடு திங்கட்கிழமை காலை போகும் என்றார். ஏச்சு விழும் என்றுதான் நினைத்திருந்தேன், பெரிய ஆறுதலாக இருந்தது.

மின்நிலையத்துக்குத் திரும்பி வந்ததும் பழைய அறிக்கையைக் கிழித்தேன். புதியதை அங்கேயே கையால் எழுதி, என் பிழை இருந்த பந்தியை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். அந்த வெறும் கட்டத்தைத் தானும் இனி விடமாட்டேன் என்றார். கையெழுத்து வைத்துவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். நியமனத்தைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"வீட்டுல குசினி பல்ப் போய் நாலு நாள் மிஸ்" என்றார். "புள்ளைகள் மாத்தச் சொல்லிக் கேட்டுக்கேட்டு களைச்சுட்டாங்க. எனக்கு வயரத் தொடப் பயமா இருந்திச்சு. பதினஞ்சு வருசமாச் சரியாச் செய்யிறன் எண்டு நினைச்சிட்டு இருந்ததெல்லாம் பிழையோ எண்டு."

கையை விரித்து ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை மூடி என்னிடம் தந்தார்.

"இண்டைக்குப் போய் மாத்திருவன்."